இரட்டித்த நாணயத்தில் நட்டம் வருவது எப்படி?

2020 ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு பிட்கொயினின் விலை ஏறத்தாழ 11,000 டொலர். 2022 ஓகஸ்டில் அது ஏறத்தாழ 22,000 டொலர். இரண்டு மடங்கு. இந்த இடைவெளியில் அதை வாங்கி வைத்திருந்த ஒருவருக்கு நட்டம் வருமா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? வராது என்றுதானே. மல்லாவியில் என் மச்சானும் அப்படித்தான் சொன்னான். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

சித்தப்பா வயல் செய்பவர். சொந்தமாக ஓர் உழவு இயந்திரம் வைத்திருக்கிறார். பிட்கொயினைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் எந்தக் காசையும் அது எத்தனை லீற்றர் டீசலுக்குக் காணும் என்று பார்த்துத்தான் எண்ணுவார். அந்தப் பழக்கம் இந்தக் கணக்கில் எவ்வளவு உதவியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில், பிட்கொயின் என்றால் என்ன? கையில் பிடிக்க முடியாத நாணயம். உலகெங்கும் உள்ள கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கேட்டில் ‘இன்னாரிடம் இவ்வளவு’ என்று பதிவாகியிருக்கும். அதற்குப் பின்னால் எந்த மத்திய வங்கியும் இல்லை. அடுத்து வாங்க வருபவர் என்ன கொடுக்கிறாரோ அதுதான் விலை. முழு நாணயமாக வாங்கவேண்டும் என்றும் இல்லை. நூறில் ஒரு பங்கை, ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட வாங்கலாம்.

இனி அவர்கள் பேசியதைக் கேளுங்கள். விலைகள் எல்லாம் அந்தந்தக் காலத்தில் இருந்தவை. கணக்கு இலகுவாக இருக்கக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

“ரெண்டு மடங்கு வந்திட்டுது மாமா. பதினோராயிரம் டொலரில நிக்கேக்க வாங்கினனான். இப்ப இருபத்திரெண்டாயிரம்.”

“எவ்வளவுக்கு வாங்கினனி?”

“ஐம்பதாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு. பிறகு இன்னும் கொஞ்சம் போட்டனான்.”

“அந்த ‘இன்னும் கொஞ்சம்’ எவ்வளவு, தம்பி?”

“மூண்டு இலட்சம்.”

“எப்ப போட்டனி?”

“அடுத்த வருசம் ஏப்ரலில. அப்ப அறுபதாயிரம் டொலரில நிண்டது. எல்லாரும் இலட்சத்துக்குப் போகும் எண்டு சொன்னவை.”

சித்தப்பா கொப்பியை எடுத்தார். நாமும் அவரோடு சேர்ந்து கணக்கைப் போடுவோம்.

முதல் தடவை அவன் வாங்கியது எவ்வளவு? 2020 ஒக்டோபரில் ஒரு டொலர் ஏறத்தாழ 184 ரூபாய். 50,600 ரூபாய் என்பது 275 டொலர். நாணயம் 11,000 டொலர் என்றால் 275 டொலருக்கு 0.025 நாணயம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு கிடைக்கும்.

இரண்டாம் தடவை? 2021 ஏப்ரலில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மூன்று இலட்சம் என்பது 1,500 டொலர். நாணயமோ 60,000 டொலர். ஆகவே இந்தத் தடவையும் கிடைத்தது அதே 0.025தான். முதலில் ஐம்பதாயிரம் சொச்சத்துக்குக் கிடைத்த அளவுக்கு இப்போது மூன்று இலட்சம் கொடுத்திருக்கிறான்.

ஆக, மொத்தம் 0.05 நாணயம். அதற்குக் கொடுத்தது 275-உம் 1,500-உம் சேர்ந்து 1,775 டொலர். 2022 ஓகஸ்டில் நாணயம் 22,000 டொலர் என்றால் 0.05-இன் பெறுமதி 1,100 டொலர். நாணயம் இரட்டித்திருக்கிறது. மச்சானுக்கு 675 டொலர் நட்டம்.

இது எப்படி நடக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நாணயம் ஏறியது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு மடங்கு, முதல் நாளில் போட்ட 50,600 ரூபாய்க்கு மட்டும் உரியது. மற்ற மூன்று இலட்சம் அந்த ஏற்றத்தில் பங்குபற்றவே இல்லை. அது உள்ளே போனது விலை ஏற்கனவே ஏறிவிட்ட பிறகு. வாங்கிய விலையையும் கடைசி விலையையும் பார்த்தால் அது கண்டது 60,000-இலிருந்து 22,000-க்கு வந்த இறக்கத்தைத்தான். பெரிய காசு இறக்கத்திலும் சிறிய காசு ஏற்றத்திலும் நின்றால் மொத்தக் கணக்கு இறங்கத்தான் செய்யும்.

அப்படியானால் நீங்கள் பார்க்கவேண்டிய விலை எது? உங்கள் சராசரிக் கொள்விலை (கொடுத்த மொத்தக் காசை, கையில் உள்ள நாணய அளவால் பிரித்து வருவது). மச்சானுக்கு 1,775-ஐ 0.05-ஆல் பிரித்தால் 35,500 டொலர். நாணயம் 35,500-க்கு வந்தால்தான் அவன் போட்ட டொலர் திரும்பும். அவன் மனத்தில் நின்ற எண் 11,000. கணக்கில் நின்ற எண் 35,500. முதலில் வாங்கிய விலையை யாரும் மறப்பதில்லை, அது மலிவாக இருந்தால் இன்னும் நன்றாக நினைவில் நிற்கும்.

செயலியில் பச்சை நிறத்தில் ஏற்றம் காட்டுகிறதே என்று கேட்பீர்கள். அந்தப் படம் ஒரு நாளோ, ஒரு மாதமோ, ஒரு வருடமோ நாணயத்தின் விலை எப்படி நடந்தது என்று காட்டுகிறது. நீங்கள் எந்த நாளில் எவ்வளவு போட்டீர்கள் என்பது அந்தக் கோட்டில் இல்லை. அதே படத்தை, ஒரு சதமும் போடாதவரும் பார்க்கிறார்.

“எனக்கு மட்டும்தான் இப்பிடி நடந்திருக்கும்,” என்றான் மச்சான். அவனுக்கு மட்டும் அல்ல. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள சர்வதேச தீர்ப்பனவு வங்கி (நாடுகளின் மத்திய வங்கிகளுக்கான வங்கி) 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 95 நாடுகளில் 2015-இலிருந்து மக்கள் இந்த நாணயச் செயலிகளை எந்தக் காலத்தில் தரவிறக்கினார்கள் என்பதைப் பிட்கொயின் விலையோடு வைத்துப் பார்த்தார்கள். விலை ஏறிய பின்தான் புதியவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அதை வைத்துக் கணித்தபோது, பயனர்களில் நான்கில் மூன்று பங்கினர் அளவில் பிட்கொயினில் காசை இழந்திருப்பார்கள் என்று வந்தது. 2015 ஓகஸ்டில் நாணயம் ஏறத்தாழ 250 டொலர். ஆய்வு வந்த காலத்தில், விழுந்த பிறகும், அதைப் போல அறுபது மடங்குக்கு மேல். அறுபது மடங்கு ஏறிய பொருளில் பெரும்பாலானவர்களுக்கு நட்டம் என்றால் இரண்டு மடங்கு ஏறியதில் நட்டம் வருவதில் என்ன ஆச்சரியம்?

இங்கே மச்சான் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டான். நீங்களும் அதைக் கேட்டிருக்கக்கூடும்.

“டொலரில நட்டமா இருக்கட்டும் மாமா. நான் போட்டது ரூபாய்தானே? இப்ப ஒரு டொலர் முன்னூற்று அறுபது ரூபாய். ரூபாயில பாருங்கோ.”

பார்த்தோம். 1,100 டொலரை 360-ஆல் பெருக்கினால் 3,96,000 ரூபாய். அவன் போட்டது 3,50,600. ரூபாயில் 45,400 இலாபம். டொலரில் 675 நட்டம். ஒரே காசு, ஒரே நாள், இரண்டு விடைகள்.

இதில் எது உண்மை? இரண்டும் உண்மை. 2022 மார்ச்சு தொடக்கத்தில் டொலர் இன்னும் 203 ரூபாய் அளவில்தான் இருந்தது. மத்திய வங்கி அந்த விலையைப் பிடித்து வைப்பதைக் கைவிட்டதும், மே மாதத்துக்குள் அது 360-ஐத் தொட்டது. ஆகவே டொலரில் விலை பேசப்படும் எந்தப் பொருளும், தான் ஒரு சதமும் ஏறாமலே, ரூபாயில் முக்கால் பங்கு ஏறியதாகத் தெரிந்தது. மச்சான் கண்ட இலாபம் நாணயம் கொடுத்ததல்ல. ரூபாய் சுருங்கியதால் எண் பெருத்தது.

“எண் பெருத்தால் என்ன, காசு காசுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். சித்தப்பாவின் டீசல் இங்கேதான் வந்தது.

“நீ முதல் காசு போடேக்க டீசல் என்ன விலை?”

“ஞாபகம் இல்லை, மாமா.”

“நூற்றி நாலு. மூண்டு இலட்சம் போடேக்கயும் நூற்றி நாலுதான். இப்ப?”

“நானூற்றி முப்பது.”

“அதுவும் கியூஆர் காட்டி, வரிசையில நிண்டு.”

2020 ஒக்டோபரிலும் 2021 ஏப்ரலிலும் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 104 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460 வரை ஏறி, ஓகஸ்டில் 430-க்கு இறங்கியது. மச்சான் போட்ட 3,50,600 ரூபாய்க்கு, போட்ட காலத்தில் 3,371 லீற்றர் டீசல் வாங்கியிருக்கலாம். திரும்பி வரும் 3,96,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 920 லீற்றர்தான் கிடைக்கும். ரூபாயில் இலாபம் கண்ட காசு, உழவுக்கு நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூடுதலாகக் காணும்.

முதல் நாளில் வாங்கிய அந்த 0.025-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால்? இரண்டாம் தடவை காசு போடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். டொலரில் 275 போட்டு 550 கிடைக்கிறது, சரி இரட்டிப்பு. ரூபாயில் 50,600 போட்டு 1,98,000. நான்கு மடங்குக்குக் கிட்ட. டீசலில் 486 லீற்றர் போட்டு 460 லீற்றர். நேரம் தவறவில்லை, உச்சத்தில் வாங்கவில்லை, டொலரில் இரட்டித்திருக்கிறது. அப்படியிருந்தும் உழவு இயந்திரத்துக்கு ஊற்ற 26 லீற்றர் குறைவு. இந்த ஒரு கணக்குக்காகவே இதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் டீசலை அளவுகோலாக எடுப்பது நியாயமா? சந்தேகம் சரியானதுதான். 104 ரூபாய் என்பது அரசு பிடித்து வைத்திருந்த விலை. பிடி விட்டதும் மற்றப் பொருட்களைவிட அது வேகமாகப் பாய்ந்தது. ஆகவே வேறோர் அளவையும் பார்ப்போம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் (வீடுகள் வழக்கமாக வாங்கும் பொருட்களினதும் சேவைகளினதும் விலையை மாதாமாதம் அளக்கும் எண்) 2022 ஓகஸ்டில், முந்திய ஓகஸ்டைவிட நூற்றுக்கு 64.3 கூடியிருந்தது. ஒரு வருடத்துக்கு முன் 3,50,600 ரூபாய்க்கு வாங்கிய வீட்டுச் சாமான்களுக்கு இப்போது ஏறத்தாழ 5,76,000 தேவை. மச்சானிடம் இருப்பது 3,96,000. இந்த அளவிலும் அவனுக்கு நட்டம்தான். டீசலில் வந்த அளவுக்குப் பெரிதில்லை. முதலில் வாங்கிய பங்கை மட்டும் இந்த அளவுகோலில் வைத்தால் நல்ல இலாபம் என்றே வரும். அதையும் மறைக்கக்கூடாது.

அப்படியானால் எந்த அளவுகோலை எடுப்பது? அந்தக் காசு எதற்கு என்று நீங்கள் வைத்திருந்தீர்களோ அதை. பெரும்போகச் செலவுக்கு வைத்த காசென்றால் டீசலும் யூரியாவும். கனடாவுக்குப் போகும் பிள்ளைக்கென்றால் டொலர். வீட்டுச் சாப்பாட்டுக்கென்றால் அரிசியும் மாவும். மச்சானின் காசு வயலுக்குரியது. அதனால் சித்தப்பா டீசலைப் பிடித்ததில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சித்தப்பா கேட்டார். கேட்காமல் விட்டிருக்கலாம் என்று மச்சானின் முகம் சொன்னது.

“மூண்டு இலட்சம் உனக்கு எங்கால வந்தது?”

“அம்மான்ர சங்கிலியும் காப்பும்... அடைவு வைச்சனான்.”

“வட்டி?”

வன்னியில் அடைவு வைக்காத வீடு அரிது. ஆகவே இந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். 2021 ஏப்ரலிலிருந்து 2022 ஓகஸ்டு வரை 16 மாதங்கள். மூன்று இலட்சத்துக்கு வட்டி 48,000 ரூபாய். நாணயத்தில் ரூபாய்க் கணக்கில் வந்த இலாபம் 45,400. நகையை மீட்டுக்கொண்டு வந்தால், டொலரையும் டீசலையும் பார்க்காமலே, ரூபாயிலும் 2,600 நட்டம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடைவுக் கடன் ரூபாயில் இருந்தது. வாங்கியபோது மூன்று இலட்சத்துக்கு 2,885 லீற்றர் டீசல். திருப்பிக் கட்டவேண்டிய 3,48,000 ரூபாயோ 809 லீற்றர்தான். ரூபாய் விழுந்தது கடன்காரனுக்கு உதவி செய்தது. கடனை எடுக்காமல் அந்த மூன்று இலட்சத்தையும் சொந்தக் காசாகப் போட்டிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாக உறைத்திருக்கும். மச்சான் இதைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீங்களே, கடன் எடுத்தது நல்லதாப் போச்சு,” என்றான். “ரூபாய் விழும் எண்டு உனக்கு முதலே தெரியுமோ?” என்றார் சித்தப்பா. அவனுக்குத் தெரியாது. ரூபாய் விழாமல் 200-இலேயே நின்றிருந்தால், அந்த 1,100 டொலர் 2,20,000 ரூபாய்தான், கட்டவேண்டியது 3,48,000. நகை அடைவிலேயே கிடந்திருக்கும்.

இனி, உங்களில் சிலர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பீர்கள்: விற்காமல் வைத்திருந்தால்? 2024 டிசெம்பரில் பிட்கொயின் முதல் தடவையாக ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது. அப்போது டொலர் ஏறத்தாழ 290 ரூபாய், டீசல் 286 ரூபாய். 0.05 நாணயத்துக்கு 5,000 டொலர்; அதாவது பதினான்கரை இலட்சம் ரூபாய்; அதாவது 5,000 லீற்றருக்குக் கொஞ்சம் மேல். போட்ட 3,371 லீற்றரைவிடக் கூட. வைத்திருந்திருந்தால் எல்லா அளவுகோலிலும் வென்றிருப்பான். இது உண்மை, மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அவனால் வைத்திருக்க முடியாத நிலை. 2022 ஓகஸ்டில் அடைவுத் தவணை முடிந்திருந்தது, பெரும்போக விதைப்பு வந்துகொண்டிருந்தது. அதோடு நாணயம் அங்கிருந்து இன்னும் இறங்கி அந்த வருட நவம்பரில் 16,000 டொலருக்குக் கிட்ட வந்தது. மறுபடி ஏறும் என்று அந்த நவம்பரில் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. 2022 மே மாதத்தில் லூனா என்ற இன்னொரு நாணயம் 80 டொலர் அளவிலிருந்து சில நாட்களில் ஒரு சதத்துக்கும் கீழே போய், அந்த உயரத்துக்கு மீளவே இல்லை. ‘வைத்திருந்தால் வரும்’ என்பது பிட்கொயினுக்கு அந்தத் தடவை பலித்தது. திரும்பக் கேட்கப்படும் நாள் குறிக்கப்பட்ட காசுக்கு, அந்த நாளில் இருக்கும் விலைதான் விலை.

சரி, திரையில் 3,96,000 என்று இருந்தால் அந்தத் தொகை கைக்கு வருமா? முழுதாக வராது. இலங்கை மத்திய வங்கி 2018-இலும் 2021-இலும் மறுபடி 2022 ஜூலையிலும் பொதுமக்களுக்கு அறிவித்தபடி, இங்கே இந்த நாணயங்களை விற்க, வாங்க, மாற்ற எந்த நிறுவனத்துக்கும் அது உரிமம் கொடுத்திருக்கவில்லை. வங்கி அட்டைகளையும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அதனால் பெரும்பாலானோர் ஆளுக்கு ஆள் மாற்றும் வழியில் (ஒருவர் நாணயத்தைக் கொடுக்க, மற்றவர் ரூபாயை வங்கிக் கணக்கில் போடுவது) போனார்கள். அங்கே வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை வேறு. உங்களிடம் வாங்குபவர் டொலருக்கு 360-க்குப் பதிலாக 350 தருகிறார் என்றால் 1,100 டொலருக்கு 11,000 ரூபாய் போய்விடும். மச்சானின் 45,400 இலாபத்தில் அது நான்கில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, காசு போடுகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாதது. அது யாரிடமோ ஏமாற்றிய காசாக இருந்தால், விசாரணை முடியும்வரை உங்கள் கணக்கு முடக்கப்படலாம். உரிமமில்லாத இடத்தில் நடந்ததால், முறையிடுவதற்கும் உங்களுக்கு வசதியான இடம் இல்லை. விதிகள் மாறக்கூடியவை, இன்றைய நிலை என்னவென்று மத்திய வங்கியின் அறிவித்தல்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை இரட்டிப்பும் உண்டு. அதில் நாணயமே இருக்காது. 2023-இல் எம்.ரி.எவ்.ஈ என்ற செயலி இலங்கையிலும் வங்காளதேசத்திலும் பரவியது. ஒவ்வொரு நாளும் திரையில் டொலர் ஏறும். ஆள் சேர்த்தால் இன்னும் ஏறும். அந்த ஓகஸ்டில் காசை எடுக்க முடியாமல் போனது. பலருடைய திரையில், அவர்கள்தான் செயலிக்குக் கடன் என்று கழித்தல் குறியோடு எண் வந்தது. இலங்கை மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம் (புதிதாகச் சேருபவரின் காசை முன்பு சேர்ந்தவருக்குக் கொடுத்து ஓட்டுவது) என்று அறிவித்தது. மச்சானின் நட்டத்தையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். அவனிடம் விற்கக்கூடிய ஒரு பொருள் இருந்தது, விலைதான் போதாமல் போனது. இங்கே விற்க எதுவுமே இல்லை.

நீங்கள் ஏற்கனவே எதையாவது வாங்கி வைத்திருந்தால் இப்போது என்ன செய்யலாம்? ஒரு கொப்பி எடுங்கள். காசு போட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி: திகதி, கொடுத்த ரூபாய், அன்றைய டொலர் விலை, கிடைத்த நாணய அளவு. கடன் காசு என்றால் அதன் வட்டியும் தவணை முடியும் நாளும் அதே வரியில் வரட்டும். அந்தக் காசு எதற்குரியதோ அந்தப் பொருளின் அன்றைய விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். பின்னால் தேடினால் மச்சானைப் போல ஞாபகம் இருக்காது. பிறகு ஒவ்வொரு தொகையையும் டொலராக்கிக் கூட்டி, மொத்த நாணய அளவால் பிரித்தால் உங்கள் சராசரிக் கொள்விலை வரும். இன்றைய விலையை அதோடு ஒப்பிடுங்கள். முதல் வரியில் உள்ள விலையோடு அல்ல.

அடுத்த தடவை காசு போடத் தோன்றும்போது, போட்டபின் அந்தச் சராசரி எங்கே போகிறது என்று முதலிலேயே கணக்கிட்டுப் பாருங்கள். மச்சான் 2021 ஏப்ரலில் அதைச் செய்திருந்தால், தன் கொள்விலை 11,000-இலிருந்து 35,500-க்குத் தாவுவதைக் கண்டிருப்பான். அந்த ஒரு தடவையில், நாணயம் முதல் விலையைப் போல மூன்று மடங்கில் நின்றாலும் அவனுக்கு இலாபமில்லை என்ற நிலையை அவனே உண்டாக்கினான்.

“அப்ப இனிப் போடவே கூடாதோ மாமா?”

“போடு, போடாத எண்டு நான் சொல்லேல்லை. போட்டதில ஒரு பத்தாயிரத்தை எடுத்து, பாங்கில போட்டுக் காட்டு. எத்தினை நாளில வருது, எவ்வளவு குறைஞ்சு வருது எண்டு கொப்பியில எழுது. அதுக்குப் பிறகு கதைப்பம்.”